நெரிசலான மண்டபத்தில் சுற்றுப் பயிற்சி: 36 பிள்ளைகளும் நிற்காமல் இயங்க நிலையங்களை அமைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகப் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் சோதனையை மழைதான் வைக்கும். திடல் நனைந்துவிட்டால் வகுப்பை மண்டபத்துக்குள் கொண்டுபோகத்தான் வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் வெளி நடவடிக்கைகள் நின்றுவிடும். அப்போதும் மண்டபம்தான் கதி. ஆனால் அந்த மண்டபம் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது அல்ல. சபைகூடல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பொங்கல் விழா, தேர்வு என எல்லாம் அங்கேதான் நடக்கும். ஒரு பக்கம் மேடை, சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், மேலே தகரக் கூரை. நடுவில் ஒரு பூப்பந்துத் தளம் அளவுக்குத்தான் இடம் மிஞ்சும்.

இந்த இடத்தில் 36 பிள்ளைகளை வைத்துச் சுற்றுப் பயிற்சி நடத்த முடியும். அதற்கான ஓர் அமைப்பை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். முதலில் கட்டங்களை அளக்க வேண்டும்; ஒரு கட்டத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் இயங்க முடியும் என்று கணக்கிட வேண்டும்; அதன் பிறகுதான் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல பயிற்சிகளாகப் பட்டியல் போட்டுவிட்டு, பிறகு பிள்ளைகளை அவற்றுக்குள் திணிக்கிறார்கள். வரிசை அங்கேதான் உருவாகிறது.

வரிசை எங்கிருந்து வருகிறது

சுற்றுப் பயிற்சி 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், ஆடம்சன் என்ற இருவரால் உருவாக்கப்பட்டது. அவர்களுடைய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் இத்தனை தடவை என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். அதை முடித்தவர் அடுத்த நிலையத்துக்குப் போய்விடலாம். இளைஞர்கள் விசாலமான உடற்பயிற்சிக் கூடத்தில் செய்யும்போது அது பொருந்தும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் நிறைந்த சிறிய மண்டபத்தில் அதே முறையை வைத்தால், வேகமானவன் முடித்துவிட்டு அடுத்த நிலையத்தின் வாசலில் போய் நிற்பான். அங்கே மெதுவானவள் இன்னும் பாதியில் இருப்பாள். ஐந்து நிமிடத்தில் மண்டபம் பஸ் நிலையம் போல் ஆகிவிடும்.

ஆகவே நெரிசலான மண்டபத்துக்கு எண்ணிக்கை முறை வேண்டாம். நேர முறை வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், ஒரே திசையில் நகர்வார்கள். முப்பது வினாடிக்குள் ஒருவன் இருபது தடவை செய்யட்டும், இன்னொருத்தி எட்டுத் தடவை செய்யட்டும். இருவரும் முப்பது வினாடியும் இயங்கியிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் கருவிகள். நான்கு நிலையம், நிலையத்துக்கு ஒன்பது பேர், இரண்டு நிலையங்களில் மூன்று மூன்று கருவிகள் என்ற அமைப்பைப் பல பள்ளிகளில் பார்க்கலாம். கருவி உள்ள நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு முப்பது வினாடியில் பத்து வினாடிதான் கிடைக்கும். மீதி இருபது வினாடி நிற்க வேண்டும். அப்படி இரண்டு நிலையம் என்றால், சுற்றின் 120 வினாடிப் பயிற்சி நேரத்தில் 40 வினாடி காத்திருப்பிலேயே போகிறது. ஆசிரியர் கண்ணுக்கு மண்டபம் முழுவதும் பரபரப்பாகத்தான் தெரியும். யாரோ ஒருவர் எப்போதும் குதித்துக்கொண்டுதான் இருப்பார். ஒரே பிள்ளையை மட்டும் தொடர்ந்து பார்த்தால்தான் நிற்கும் நேரம் புலப்படும்.

மண்டபத்தை அளந்து பிரித்தல்

பூப்பந்து இரட்டையர் தளத்தின் அளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். கோடு போட்ட மண்டபம் என்றால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு வெளியே சுவர்வரை உள்ள இடத்தையும் சேர்த்து, சுமார் 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தால் அவற்றை மேடைமீது ஏற்றிவிடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நெரிசலான மண்டபத்தில் வெறும் சுவர் ஒரு பயிற்சிக் கருவி. நாற்காலி அடுக்கால் மறைந்த சுவர், இழந்த நிலையம்.

நீளவாக்கில் நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதை விடுங்கள். அதன் இரு பக்கமும் 3.5 மீட்டர் ஆழம் மிஞ்சும். ஒவ்வொரு பக்கத்தையும் 4.5 மீட்டர் அகலமுள்ள மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். இப்போது ஆறு கட்டங்கள் கிடைத்துவிட்டன. கட்டத்துக்கு ஆறு பேர் என்றால் 36 பேர். ஒரு பிள்ளைக்கு அகலத்தில் ஒன்றரை மீட்டரும் ஆழத்தில் ஒன்றே முக்கால் மீட்டரும் வரும். ஆண்டு 5 பிள்ளை இரு கையையும் பக்கவாட்டில் நீட்டி நின்றால் அடுத்தவர் மேல் படாமல் இருக்க இந்த இடம் போதும். அதற்கு மேல் தாராளம் இல்லை.

எல்லைகளைக் காகித ஒட்டுநாடாவால் குறியுங்கள். சுண்ணக்கட்டிக் கோடு இரண்டாவது சுற்றிலேயே காலணியில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். கூம்புகளைக் கட்டத்துக்குள் வைக்காதீர்கள். இத்தனை குறுகிய இடத்தில் அவை தடுக்கிவிடும்.

நிலைய எண்களைச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ஒரு சுவரில் 1, 2, 3. மறுமுனையில் திரும்பி எதிர்ச்சுவரில் 4, 5, 6. அப்போது நகர்வு ஒரு வளையமாக அமையும். மூன்றிலிருந்து நான்குக்கு ஒரு முனையில் பாதையைக் கடப்பார்கள். ஆறிலிருந்து ஒன்றுக்கு மறுமுனையில் கடப்பார்கள். இரு குழுக்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடமே இருக்காது. மண்டபத்தின் கதவு எந்த முனையில் இருந்தாலும் அதன் முன்னால் எதையும் வைக்க வேண்டாம்.

ஆறு நிலையங்கள்

வரிசையை முடிவு செய்யும்போது கால், கை, நடு உடல் என்று மாற்றி மாற்றி வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் ஒரே தசைக்கு வேலை கொடுத்தால், இரண்டாவதில் பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டுவது தவறு. தசை களைத்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் நிலையம், கோடு தாண்டல். தரையில் ஒட்டிய நாடாவின் இருபுறமும் இரு காலையும் சேர்த்துப் பக்கவாட்டில் தாண்டுவது. ஒவ்வொருவருக்கும் அரை மீட்டர் நாடா போதும். ஆறு பேர், ஆறு கோடு. தாண்ட முடியாதவர்கள் ஒரு காலை வைத்து மறுகாலை எடுத்துக் கோட்டைக் கடக்கலாம்.

இரண்டாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஓர் அடிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெற்றியைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புவது. நான்கரை மீட்டர் சுவரில் ஆறு பேருக்குத் தலைக்கு 75 சென்டிமீட்டர் வரும். வலுவான பிள்ளைகள் கால்களை இன்னும் பின்னால் வைத்துக்கொள்ளட்டும்; சுமை உடனே கூடும். ஆரம்ப வகுப்புகளுக்குத் தரைத் தண்டாலைவிட இதையே நான் விரும்புகிறேன். தரையில் பாதிப் பிள்ளைகள் இரண்டு எடுத்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொள்வார்கள். சுவரில் அத்தனை பேரும் முப்பது வினாடி செய்து முடிப்பார்கள்.

மூன்றாவது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுதல். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து எழுவது என்றால் கெத்தோக் கெத்தாம்பி, அதாவது தண்டனை, என்ற நினைவு உண்டு. காதைப் பிடித்துக்கொண்டு அடி ஆழம்வரை குந்த ஆரம்பித்துவிடுவார்கள். நாற்காலியைப் பின்னால் வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். உட்காரும் பகுதி இருக்கையைத் தொட்டதும் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஆழம் தானாகவே அளவுக்குள் வந்துவிடும். நாற்காலியின் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். இல்லையென்றால் பின்னால் நகரும். மேடைக்கு ஏற்றிய நாற்காலிகளில் ஆறை மட்டும் இதற்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பலகை நிலை. முழங்கைகளை ஊன்றி உடலை நேராகப் பிடித்திருப்பது. முடியாதவர்களுக்கு முழங்காலையும் ஊன்ற அனுமதி உண்டு. தலை சுவர்ப்பக்கம், கால் பாதைப்பக்கம் என்று ஆறு பேரும் இணையாகப் படுத்தால் ஒன்றரை மீட்டர் ஆழமே போதும். ரப்பர் விரிப்பு இருந்தால் நல்லது. சாதாரணப் பாய் சிமெண்டுத் தரையில் வழுக்கும். அதற்கு வெறும் தரையே பரவாயில்லை.

ஐந்தாவது, கயிறு தாண்டல். இதைத் தனியாகக் கீழே விளக்குகிறேன்.

ஆறாவது, முதுகோடு முதுகாக நின்று பை மாற்றல். இருவர் முதுகைக் காட்டி அரை அடி இடைவெளியில் நின்று, இடுப்பைத் திருப்பி ஒரு பக்கம் பையைக் கொடுத்து மறுபக்கம் வாங்க வேண்டும். ஆறு பேருக்கு மூன்று பைகள். பந்து வேண்டாம். கை தவறிய ஒரு பந்து உருண்டு போனால் மூன்று நிலையங்களின் வேலையைக் கெடுக்கும். அதன் பின்னால் ஒரு பிள்ளை குனிந்துகொண்டே ஓடுவான், அவன்மேல் இன்னொருவன் குதிப்பான். தடித்த துணியில் தைத்து அரைக் கிலோ பச்சைப்பயறு போட்ட பை விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இதை எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள் ஒரு மாலையில் தைத்துக் கொடுத்தார்கள்.

கயிறு நிலையம்: இடம் எங்கே போதாமல் போகிறது

இந்த ஆறில் ஐந்து நிலையங்கள் எந்த மண்டபத்திலும் எளிதாக அமைந்துவிடும். சிக்கல் கயிற்றில்தான் வரும். பிள்ளைகள் அதிகம் விரும்புவதும் அதையே என்பதால் எடுத்துவிடவும் மனம் வராது.

கயிறு தாண்டும் பிள்ளை பக்கவாட்டில் அதிக இடம் எடுப்பதில்லை. ஒன்றரை மீட்டர் போதும். ஆனால் கயிறு முன்னாலும் பின்னாலும் சுழல்வதால் முன்பின்னாக இரண்டரை மீட்டர் வேண்டும். கட்டத்தின் ஆழம் மூன்றரை மீட்டர். இரண்டு வரிசையாக ஆறு பேரை நிறுத்தினால் ஐந்து மீட்டர் தேவை. ஆறு கயிறு வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம், இல்லை. கயிறு இருக்கும், சுழற்ற இடம் இருக்காது. பின்வரிசைக் கயிறு முன்வரிசைப் பிள்ளையின் பிடரியில் அடிக்கும்.

ஆகவே கட்டத்துக்குள் சுவரிலிருந்து ஒரு மீட்டரில் ஒரு நாடா ஒட்டுங்கள். நாடாவுக்கு வெளியே, பாதைப்பக்கமாக, மூன்று பேர் ஒரே வரிசையில் கயிறு தாண்டட்டும். அவர்களுக்கு வேண்டிய இரண்டரை மீட்டர் சரியாகக் கிடைக்கிறது. நாடாவுக்கும் சுவருக்கும் நடுவே மற்ற மூவரும் சுவரில் கையை வைத்துக் குதிகால் உயர்த்தி இறக்கட்டும். கயிறு சுழலும் வட்டத்துக்கு வெளியே அவர்கள் நிற்கிறார்கள், அவர்களும் இயங்குகிறார்கள்.

அடுத்த கேள்வி, இந்த இரண்டு மூவரும் எப்போது இடம் மாறுவது? பதினைந்தாவது வினாடியில் மாற்றலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கயிற்றைக் கைமாற்றி, சிக்கெடுத்து, சரியாக நின்று தொடங்குவதற்குள் நான்கைந்து வினாடி போய்விடும். மிஞ்சிய நேரத்தில் பாதிப் பிள்ளைகள் இரண்டு தாண்டுகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். மாற்றவே வேண்டாம். முதல் சுற்றில் குழுவின் முதல் மூவருக்குக் கயிறு. இரண்டாவது சுற்றில் மற்ற மூவருக்கு. குழுவுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் சண்டை வராது. "ஐயா, என் முறை எப்போது?" என்று கேட்டால், "உன் எண் ஐந்து, இரண்டாவது சுற்று" என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம்.

மூன்று கயிறும் பிள்ளையின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இழுத்துப் பிடித்தால் இரு கைப்பிடியும் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் கயிறு தரையில் புரண்டு காலில் சிக்கும். ஒவ்வொரு சிக்கலும் சில வினாடிகளைத் தின்னும். நீளமான கயிற்றை வெட்ட வேண்டியதில்லை, கைப்பிடிக்கு அருகில் முடிச்சுப் போட்டுச் சுருக்கலாம்.

நேரம், ஒலி, ஆசிரியர் நிற்கும் இடம்

ஒரு பாடவேளை 30 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக வந்து மண்டபத்தில் நிற்பதற்கே நான்கு நிமிடம் ஆகும். உடலைச் சூடாக்க ஐந்து நிமிடம், விளக்கத்துக்கு மூன்று நிமிடம் வையுங்கள். சுற்றில் ஒவ்வொரு நிலையத்திலும் 30 வினாடிப் பயிற்சி, 20 வினாடி நகர்வு. ஆறு நிலையத்துக்கு 300 வினாடி, அதாவது சரியாக ஐந்து நிமிடம். ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க விட்டு மீண்டும் ஐந்து நிமிடச் சுற்று. உடலைத் தளர்த்த நான்கு நிமிடம். மொத்தம் 27 நிமிடம். மிஞ்சிய மூன்று நிமிடத்தை வேறு எதற்கும் திட்டமிடாதீர்கள். அது தானாகவே செலவாகும்.

நகர்வுக்கு 20 வினாடி அதிகம் என்று சிலர் குறைப்பார்கள். ஐந்து மீட்டர் நடக்க ஐந்து வினாடிதான். ஆனால் அந்த இடைவெளிதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வு. அதைப் பத்தாகக் குறைத்தால் நான்காவது நிலையத்தில் வேகம் விழுந்துவிடும். நகரும்போது நடைதான், ஓட்டம் கூடாது. தகரக் கூரையின் கீழ் வேர்த்துச் சொட்டிய தரையில் ஓடுகிற பிள்ளை வழுக்கி விழும். மழை நாளில் நனைந்த காலணிகளோடு வருவார்கள். வாசலில் பழைய துணி போட்டு அடியைத் துடைக்கச் செய்யுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு குதிக்க மட்டும் விடவே கூடாது. வழவழப்பான தரையில் அதைவிட ஆபத்தானது வேறில்லை.

விசிலை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய மண்டபத்தில் எதிரொலியோடு ஐந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை விசில் அடித்தால் பிள்ளைகளுக்கு அது காதில் ஏறாமல் போய்விடும். உண்மையில் ஒருவன் விழுந்து நிறுத்த வேண்டிய நேரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குப் பதில் இசையைப் பயன்படுத்துங்கள். 30 வினாடி பாட்டு, 20 வினாடி அமைதி என்று ஆறு தடவை வெட்டி ஒட்டிய ஒரு பதிவைக் கைப்பேசியில் தயார் செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் உங்கள் கையும் கண்ணும் விடுதலையாகும். பாட்டு ஓடினால் உடல் ஓட வேண்டும், பாட்டு நின்றால் நடக்க வேண்டும். இதைவிட எளிய விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

பாதையின் நடுவில் நிற்கும் பழக்கத்தை விடுங்கள். நடுவில் நிற்பவருக்கு எப்போதும் பாதி மண்டபம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வளையத்தின் ஒரு மூலையில், முதுகைச் சுவருக்குக் கொடுத்து நில்லுங்கள். ஆறு கட்டமும் ஒரே பார்வையில் விழும். ஒரு பிள்ளையைத் திருத்தப் போனாலும் சுவரோரமாகவே நடந்து போங்கள். முதல் சுற்றில் கயிறு நிலையத்துக்கு அருகில் இருங்கள், ஏனென்றால் விபத்து நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான்.

முதல் வகுப்பில் பயிற்சியே இல்லாமல் நகர்வை மட்டும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஆறு தடவை பாட்டை நிறுத்தி ஆறு தடவை நடக்கவிடுங்கள். இதற்குச் செலவாகும் இரண்டு நிமிடம் அடுத்து வரும் எல்லா வாரங்களிலும் திரும்பக் கிடைக்கும்.

மூச்சிரைப்பு நோய் உள்ள பிள்ளைகள் யார் என்பதைப் பட்டியலில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மருந்துக்குழல் வகுப்பறைப் பையில் இருந்தால் பயனில்லை. உங்கள் அருகில் உள்ள மேசைமீது இருக்க வேண்டும்.

எண்ணிக்கை 36 ஆக இல்லாதபோது

எந்த வகுப்பும் தினமும் முழுமையாக வருவதில்லை. 33 பேர் வந்தால் மூன்று குழு ஆறு பேர், மூன்று குழு ஐந்து பேர். 38 வந்தால் இரண்டு குழு ஏழு பேர். இங்கே ஓர் உண்மையை நினைவில் வைக்க வேண்டும்: குழுக்கள் எல்லா நிலையங்களுக்கும் போகின்றன, எனவே மிகப் பெரிய குழு மிகச் சிறிய நிலையத்திலும் அடங்க வேண்டும். "சுவரில் ஏழு பேருக்கு இடம் இருக்கிறதே" என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. கயிறு நிலையத்தில் ஏழு பேர் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். நமது அமைப்பில் மூவர் தாண்ட, நால்வர் குதிகால் உயர்த்தலாம், அடங்குகிறது. இரண்டு சுற்றிலும் கயிறு கிடைக்காத ஏழாவது பிள்ளைக்கு அடுத்த வாரம் முதல் இடம் கொடுத்துவிடுங்கள், மறக்காமல் குறித்து வையுங்கள். பை மாற்றும் நிலையத்தில் ஒற்றைப்படை வந்தால் மூன்று பேர் முதுகு உள்ளே இருக்கும்படி முக்கோணமாக நின்று பையைச் சுற்றி அனுப்பலாம்.

இரண்டு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் சேரும் நாளும் வரும். 60 பேர் என்றால் கட்டத்துக்குப் பத்துப் பேர், தலைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர்தான். அன்றைக்கு இந்த அமைப்பை அப்படியே நடத்த முடியாது. இணை முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து இணைகள், ஒருவர் 30 வினாடி பயிற்சி செய்ய, மற்றவர் அவருக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே மெதுவாக நடைபோடுவார், பிறகு மாறிக்கொள்வார்கள். எப்படியும் உடலுக்கு ஓய்வு தேவை. அந்த ஓய்வை நண்பனின் பயிற்சி நேரத்தில் எடுக்க வைக்கிறோம், அதனால் இடத்தேவை பாதியாகிறது. நிலையத்துக்கு 60 வினாடியும் நகர 20 வினாடியும் என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். அன்றைக்கு ஒரே சுற்றுதான். கயிறும் கோடு தாண்டலும் அன்று வேண்டாம். இரண்டுக்கும் பதிலாக நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ஓடுவதும், முழங்கையால் எதிர் முழங்காலைத் தொடுவதும் போதும். 60-ஐயும் தாண்டினால் ஒரு வகுப்பை வகுப்பறையிலேயே வைத்துக்கொள்ளும்படி மற்ற ஆசிரியரிடம் பேசிவிடுவது நல்லது. அதற்கு மேல் மண்டபம் தாங்காது.

சரியாக நடக்கிறதா என்று அறிதல்

மண்டபத்தை மொத்தமாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சுற்றின்போது ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அவர் இயங்கும் நேரத்தை மட்டும் நிறுத்தற்கடிகாரத்தில் ஓடவிடுங்கள், நின்றால் நிறுத்துங்கள். மிகவும் சுறுசுறுப்பானவரையும் எடுக்காதீர்கள், எப்போதும் பின்னால் ஒதுங்குபவரையே எடுங்கள். ஐந்து நிமிடச் சுற்றில் பயிற்சி நேரம் 180 வினாடி. கடிகாரம் 150-க்கு மேல் காட்டினால் அமைப்பு வேலை செய்கிறது. 120-க்குக் கீழே போனால், எந்த நிலையத்தில் குறைந்தது என்று பாருங்கள். அங்கே இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். நிலையம் தொடங்கியதும் நின்றால் இடமோ கருவியோ போதவில்லை. தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றால் பயிற்சி அந்தப் பிள்ளைக்குக் கடினம். முதலாவதற்கு நாடாவை நகர்த்த வேண்டும். இரண்டாவதற்கு எளிய வடிவத்தைச் சுவரில் படமாக வரைந்து ஒட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பிள்ளை மொத்தம் 116 வினாடி இயங்குகிறாள். கோடு தாண்டலிலும், சுவரிலும், நாற்காலியிலும், பை மாற்றலிலும் தலா 25 வினாடி, கூட்டினால் நூறு. பலகை நிலையில் 8 வினாடி, கயிற்றில் 8 வினாடி. பலகை நிலையில் அவள் உடனே தொடங்கி எட்டாவது வினாடியில் வயிற்றைத் தரையில் போட்டுவிட்டாள்; முழங்காலை ஊன்றலாம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கயிற்றிலோ முதல் இருபத்திரண்டு வினாடி சிக்கெடுத்தபடி நின்றாள். முந்தைய குழு கயிற்றை உருட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மருந்து இரண்டுக்கும் வேறு. முதலாவதற்கு முழங்கால் ஊன்றிய படம் ஒன்று. இரண்டாவதற்கு, பாட்டு நின்றதும் கயிற்றை நாடாவின்மேல் நேராகக் கிடத்திவிட்டுத்தான் நகர வேண்டும் என்ற விதி. இரண்டையும் செய்து அடுத்த வாரம் அதே பிள்ளையை மீண்டும் அளந்து பாருங்கள்.

கடுமை போதுமா என்று அறிய இன்னொரு வழி உண்டு. ஐந்தாவது நிலையம் முடிந்து நகரும்போது ஒரு பிள்ளையிடம் பெயரும் வகுப்பும் கேளுங்கள். மூச்சு வாங்கியபடி விட்டு விட்டுச் சொன்னால் சரி. பாட்டே பாடிக் காட்டுகிறான் என்றால் இன்னும் வேகம் வேண்டும். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அவனை ஒரு நிலையம் நடைபோடச் சொல்லுங்கள்.

நான்கு வாரம் இதே அமைப்பில் நடத்திய பிறகு பயிற்சி நேரத்தை 35 வினாடியாக உயர்த்தி நகர்வை 15 ஆக்கலாம். சுற்று அதே ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும், பதிவை மட்டும் புதிதாக வெட்டினால் போதும். நிலையங்களை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்ற ஐந்தும் பழகியதாகவே இருக்கட்டும். புதிய பயிற்சியை இரண்டாவது அல்லது ஐந்தாவது கட்டத்தில் வையுங்கள். அவை இரண்டும் வளையம் பாதையைக் கடக்கும் இடத்தில் இல்லை; அவற்றில் உங்கள் மூலைக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் அங்கே விளக்கம் கேட்டு ஒருவராவது நிற்பார்.